நகல் தயாரான தேதி

எங்கள் வகுப்பில் யாரும் பரீட்சைக்குப் பயந்ததில்லை. அடிக்குறிப்புக்குத்தான் பயந்தோம்.

திருப்பதியில் ஒரு தனியார் சட்டக் கல்லூரி. நான் மூன்று வருடப் படிப்பின் இரண்டாம் வருடத்தில் இருந்தேன். நிர்வாகச் சட்டம் எடுத்த பேராசிரியர் சித்தூர்க்காரர். முன்பு அங்கே கோர்ட்டில் கொஞ்ச காலம் வக்கீலாக இருந்துவிட்டு வந்தவர். வகுப்பைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் நடத்துவார். திட்டுவதற்கு மட்டும், நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வந்த எங்களிடம், தமிழுக்கு மாறுவார். அவர் மதிப்பெண் போடும் இன்டர்னல் கட்டுரைக்கு இருபது மார்க். அதில் பாதி அடிக்குறிப்புக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கட்டுரை யார் வேணா எழுதலாம். நீ தீர்ப்பைப் படிச்சியா, இல்ல எவனோ எழுதினதைப் பார்த்து எழுதினியான்னு ஃபுட்நோட்தான் காட்டிக் குடுக்கும்."

இது முழுக்க உண்மை. இன்றைக்கும் நான் ஒரு மனுவைப் படிக்க எடுத்தால் முதலில் அடியில்தான் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. மறுக்க முடியாது.

ஆனால் அவர் அதைக் கற்றுக்கொடுத்த விதம் வேறு. யாராவது ஒருவருடைய தாளை எடுப்பார். ஏதாவது ஒரு குறிப்பின் மேல் விரலை வைப்பார். அந்த ஆள் மாடிக்கு ஓடி, நூலகத்திலிருந்து அந்தத் தீர்ப்புத் தொகுப்பைத் தூக்கி வந்து, குறிப்பில் எழுதிய பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். பக்கம் சரியாக இருந்தால் உட்காரலாம். தவறாக இருந்தால் அந்தக் கனமான புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை நிற்க வேண்டும். ஒருமுறை காய்ச்சலோடு வந்திருந்த ஒரு பையன் அப்படி நின்று மயங்கி விழுந்தான். "புத்தகம் கிழிஞ்சுதா பாரு" என்றார் அவர்.

என் கூடப் படித்தவள் ஒரு அக்கா. முப்பது தாண்டியவள், விஜயபுரம் பக்கத்து ஊர்க்காரி, ஒரு பெண் குழந்தையின் தாய். புருஷன் காலையில் வண்டியில் நகரி ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுவார். நான் நகரிதான். எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், விசைத்தறி ஓட்டுகிறவர். நாங்கள் இருவரும் ஒரே மகளிர் பெட்டியில் ஏறி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டித் திருப்பதி போய்ச் சேரும்வரை படித்துக்கொண்டே போவோம். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வகுப்பில் எல்லாரும் அவளை "ஆன்ட்டி" என்பார்கள். அதில் மரியாதை இல்லை.

அவள் சட்டம் படிக்க வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய மாமனார் வீட்டு முன்னால் ஒரு கொட்டகை. அதில் வேர்க்கடலை மூட்டை போட்டு வைப்பார்கள். ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஒரு காலையில் பஞ்சாயத்து ஆட்கள் வண்டி கொண்டுவந்து இடித்துப் போட்டார்கள். நோட்டீஸ் எதுவும் கொடுக்கவில்லை. மாமனார் ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டார். நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அதற்கப்புறம்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குள் கொட்டகை இருந்த இடத்தில் சிமென்ட் ரோடு போட்டாகிவிட்டது.

"உத்தரவு எங்க வக்கீலு படிச்சுக் காட்டனாரு. ஜெயிச்சுட்டோம்னாரு. இன்னாத்த ஜெயிச்சோம்னு எனுக்குப் புரியல. அதான் வந்தேன்" என்று அக்கா சொல்வாள்.

கட்டுரைக்கும் அவள் அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டாள். இடித்த பிறகு கிடைக்கும் நோட்டீஸுக்கு என்ன பொருள்? கேட்கும் உரிமை, கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாதபோது உரிமைதானா? உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வரிசையாக எடுத்துப் பேசி, கடைசியில் மாமனார் வழக்கில் வந்து நிற்கிற மாதிரி அமைத்திருந்தாள். அந்த வழக்கு எந்தத் தொகுப்பிலும் அச்சாகவில்லை. அவளிடம் இருந்தது கோர்ட் முத்திரை போட்ட சர்ட்டிஃபைடு காப்பி மட்டும்.

எழுத ஆரம்பித்த சமயத்தில்தான் அவள் கை முறிந்தது. வடமாலபேட்டை அருகே புருஷன் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு. இவளுக்கு வலது மணிக்கட்டு. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு நேரே போய் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு, மறுநாளே ரயிலேறிவிட்டாள்.

அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ரயிலில் என் மடியில் லேப்டாப். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வாள். சொல்லிவிட்டு, "இரு இரு, அது நல்லா இல்ல" என்று மாற்றுவாள். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ள மாட்டாள். "நீ அடிச்சா போதும். யோசிக்காத."

அடிக்குறிப்பைச் சரிபார்ப்பது மட்டும் என் வேலை. அவளால் அந்தப் பெரிய புத்தகங்களை ஒரு கையால் எடுக்க முடியாது. நூலகத்தில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துப் பார்த்தேன். ஒரு தொகுப்பில் ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட்டு, அதன் பின்னால் தொகுதி எண், தொகுப்பின் சுருக்கப் பெயர், தீர்ப்பு தொடங்கும் பக்கம். இன்னொரு தொகுப்பில் ஆண்டுக்கு அடைப்புக்குறி கிடையாது. தொகுப்பின் பெயர், ஆண்டு, எந்தக் கோர்ட், பக்கம் என்று வரும். ஒரே தீர்ப்பு இரண்டிலும் இருக்கும், பக்கம் வேறாக இருக்கும். இதன் பெயரைப் போட்டு அதன் பக்கத்தைப் போட்டுவிட்டால் தேடிப்போகிறவன் வேறு ஏதோ வழக்கில் போய் நிற்பான். வழக்கின் பெயர் சாய்வெழுத்தில். மேற்கோள் காட்டினால் எந்தப் பத்தி என்று எண் போட வேண்டும். முன்பே சொன்ன வழக்கை மறுபடி சொன்னால் "மேலே இத்தனையாம் குறிப்பு" என்றால் போதும். ஆனால் நடுவில் புதிதாக ஒரு குறிப்பைச் சேர்த்தால், கையால் அடித்த அந்த எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் திரும்ப எண்ண வேண்டும்.

பக்கம் மாறியது, எண் தள்ளியது என்று சில இருந்தன. திருத்தினேன். ஒன்று மட்டும் அப்படித் திருத்திவிடக் கூடியது இல்லை. அக்கா ஒரு தீர்ப்பிலிருந்து அழகான ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தாள், "நீதிமன்றம் சொன்னது" என்று. பத்தி எண்ணும் சரி, பக்கமும் சரி. ஆனால் இரண்டு பத்தி மேலே போய்ப் படித்தால், மனுதாரரின் வக்கீல் வாதிட்டதை நீதிபதி எடுத்தெழுதிய இடம் அது. கோர்ட் சொன்னதே இல்லை. நாலு பக்கம் தள்ளி அந்த வாதத்தைக் கோர்ட் தள்ளியும் விட்டது.

அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப அது வக்கீலு பேச்சா?"

"ஆமாக்கா."

"ச்சே. எங்க மாமனாரு வக்கீலு பேச்ச நம்பன மாதிரியே நானும் நம்பிக்கினேன் பாரு." அந்தப் பகுதி முழுவதையும் அழிக்கச் சொன்னாள். வேறு தீர்ப்பைத் தேடி, ரெண்டு நாள் உட்கார்ந்து மறுபடி சொன்னாள். முன்னைவிட நன்றாக வந்தது.

இறுதிக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்னால், எல்லாரும் வரைவை மெயிலில் அனுப்ப வேண்டும் என்று பேராசிரியர் உத்தரவு போட்டார். அனுப்பினோம். அடுத்த வாரம் வகுப்பில் ப்ரொஜெக்டரைப் போட்டு அக்காவின் வரைவைச் சுவரில் காட்டினார். பெயரையும் மறைக்கவில்லை.

"ஏம்மா, எழுந்திரு. பதினோராவது ஃபுட்நோட்டைப் படி."

படித்தாள்.

"முற்றுப்புள்ளி எங்கே?"

கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. உண்மையிலேயே சின்ன விஷயம். எங்கள் யாருடைய வரைவிலும் அப்படி நாலு இருந்திருக்கும்.

"கட்டு போட்டது கையிலயா, கண்ணுலயா?" என்றார்.

வகுப்பு சிரித்தது. சிரிக்காவிட்டால் அடுத்த தாள் தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியும். அவர் நிறுத்தவில்லை. கடைசிக் குறிப்புக்கு வந்தார், மாமனார் வழக்கு.

"இது என்ன வழக்கு? எந்த ரிப்போர்ட்லயும் இல்லாத வழக்கு? கடலைக் கொட்டகை வழக்கா? சமையல்கட்டுல இருந்து எடுத்துக்கிட்டு வந்தியா?"

அக்கா நின்றுகொண்டே, "ரிட் மனு நம்பர் போட்டிருக்கேன் சார். உத்தரவு தேதியும் போட்டிருக்கேன்" என்றாள்.

"நான் தேடிப் பார்த்துக்கறேன். உட்காராதே. நில்லு."

மணி அடிக்கும் வரை நின்றாள். கட்டுப்போட்ட கையால் புத்தகத்தைப் பிடிக்க முடியாததால் வெறுங்கையோடு நின்றாள். அவள் முகம் கறுத்துப் போயிருந்தது. ரயிலில் திரும்பும்போது, புத்தூர் வந்ததும், "எம் பொண்ணுக்குப் பரீட்சை கீது. நானு இங்க இந்த ஆளு முன்னாடி நின்னுக்கினு கீறேன்" என்றாள். அவ்வளவுதான்.

அவர் கேலி செய்த அந்தக் கடைசிக் குறிப்பில் நிஜமாகவே ஒரு தவறு இருந்தது. அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நானும் அதுவரை கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அந்த சர்ட்டிஃபைடு காப்பியை அக்கா வீட்டிலேயே வைத்திருந்தாள். வகுப்பில் அவமானப்பட்ட மறுநாள், யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ரயிலில் வாங்கிப் பார்த்தேன். உத்தரவின் முதல் பக்கத்தில் மார்ச் மாதத் தேதி. கடைசிப் பக்கத்தின் பின்னால் கோர்ட் ஆபீஸ் முத்திரை. நகல் கேட்டு மனு கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி என்று வரிசையாக, கையால் எழுதியவை. நகல் தயாரான தேதி ஏப்ரலில் இருந்தது. அக்கா குறிப்பில் உத்தரவு தேதி என்று போட்டிருந்தது அந்த ஏப்ரல் தேதியை.

"அக்கா, இது காப்பி ரெடியான தேதி. உத்தரவு மார்ச்சுலயே போட்டுட்டாங்க."

"அய்யோ. அந்தாளு பாக்கல?"

"பாக்கல."

முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தாள். உடனே திருத்தச் சொன்னாள். இறுதிக் கட்டுரை மார்ச் தேதியோடு அச்சாகி, கல்லூரி முத்திரை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

இருபதுக்கு எட்டு போட்டார். விளிம்பில் சிவப்பு மையில் ஒரு வரி: சொந்த ஆராய்ச்சி இல்லை.

அக்கா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். "சரி, பாஸ் ஆனா போதும்" என்றாள். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, கல்லூரி வெளியிடும் ஆய்விதழ் நூலகத்து மேசை மேல் கிடந்தது. எப்போதும் தாமதமாகத்தான் வரும். வருடத்தின் முதல் பாதி என்று அட்டையில் போட்டிருக்கும், அச்சாகிக் கையில் வரும்போது வருடமே முடியப் போகும். எங்கள் பேராசிரியர் கட்டுரை முதலில் இருந்தது. பழக்க தோஷத்தில் அடியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கடைசிக் குறிப்பில் அக்கா மாமனாரின் ரிட் மனு எண் இருந்தது. பக்கத்தில் உத்தரவு தேதி என்று, ஏப்ரல்.

மேலே போனேன். தலைப்பில் இரண்டு வார்த்தை மாறியிருந்தது. ஆரம்பத்தில் ஒரு பத்தி புதிது. மீதி எல்லாம் ரயிலில் நான் அடித்த வாக்கியங்கள். அக்கா "நல்லா இல்ல" என்று மாற்றி மாற்றிச் சொன்ன வாக்கியங்கள். அவர் தொடக்கத்தில் இருந்த இரண்டு குறிப்புகளை எடுத்துவிட்டு, கீழே எண்களை மாற்ற மறந்திருந்தார். "மேலே பதினாலாம் குறிப்பு" என்று சொன்ன இடத்தில் பதினாலில் வேறு வழக்கு இருந்தது. எங்கள் வரைவின் பதினாலுக்குத்தான் அது பொருந்தும்.

எனக்குத் தோன்றியது ஒன்றே. இந்த ஏப்ரல் தேதி உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருக்க முடியும். அக்கா வீட்டுக் காப்பியின் பின்பக்கத்தில், அவள் அனுப்பிய வரைவில். ஐகோர்ட் இணையதளத்தில் தேடி எடுத்திருந்தால் மார்ச் என்றுதான் இருக்கும். தேடிப் பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, தேடவே இல்லை.

அக்காவிடம் காட்டினேன். அவள் இதழை மெதுவாகப் புரட்டினாள். கட்டு பிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனாலும் கையை முழுதாக மடக்க வராது. "சமையல்கட்டுன்னான் இல்ல" என்றாள். பிறகு, "வுடு. நமக்கு இன்னும் ஒரு வருசம் கீது" என்றாள்.

நான்தான் விடவில்லை. எனக்கு இருபத்து நாலு வயது. ஆதாரம் கையில் இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். அதைத்தானே இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நானே ஒப்பிட்டு, குறிப்புக்குக் குறிப்பு வைத்து, புகாரை எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். பிரின்சிபாலிடம் கொடுத்தோம்.

விசாரணை பிரின்சிபால் அறையில் நடந்தது. பிரின்சிபால் அம்மா, இன்னும் இரண்டு பேராசிரியர்கள், எங்கள் ஆளான அந்த நிர்வாகச் சட்டப் பேராசிரியர். அவர் எங்களைப் பார்த்ததும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இனிமையாகப் பேசினார்.

"பாவம், நல்ல பொண்ணுதான். என் கிளாஸ் நோட்ஸை வச்சு எழுதிச்சு. என் கட்டுரை மாதிரி இல்லாம வேற எப்படி இருக்கும்?"

அக்கா சர்ட்டிஃபைடு காப்பியை மேசை மேல் வைத்தாள். நான் தேதியைப் பற்றிச் சொன்னேன். மார்ச், ஏப்ரல், முத்திரை, இணையதளம். இரண்டு பேராசிரியர்களில் ஒருவர் காப்பியைத் திருப்பிப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஆள் தலையை ஆட்டினார். "ஆமா. இந்தக் காப்பியை இந்தம்மாதான் என்கிட்ட கொண்டுவந்து காட்டிச்சு, மாமனார் வழக்குன்னு. நான் அதுல இருந்து எழுதிக்கிட்டேன். பின்பக்கத்துத் தேதியைப் பார்த்து எனக்கும் அதே தப்பு வந்திருக்கு."

"நான் காட்டவே இல்ல" என்றாள் அக்கா. "வகுப்புல நீங்க அந்த வழக்கே இல்லன்னீங்களே."

"காட்டலைன்னு எப்படி நிரூபிப்பே?"

பிரின்சிபால் ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் அக்காவின் கட்டுரையைப் போட்டு எடுத்த அறிக்கை. பெரும்பகுதி சிவப்பு. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற இடத்தில் பேராசிரியரின் கட்டுரை.

"இதழ் வருசத்து முதல் பாதி. உங்க கட்டுரை ஆகஸ்ட். யாரு முன்னாடி, யாரு பின்னாடி?" என்றார் பிரின்சிபால்.

"மேடம், அந்த இதழ் போன மாசம்தானே அச்சாச்சு" என்றேன். "வரைவு அனுப்பின மெயில் இருக்கு."

"நீ யாரும்மா இதுல?"

"நான்தான் டைப் பண்ணேன். அக்காவுக்குக் கை முறிஞ்சிருந்துது. ஃபுட்நோட்டும் நான்தான் செக் பண்ணேன்."

சொல்லி முடிக்கும்போதே என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. எங்கள் ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா மேடம். மதிப்பெண் போடற கட்டுரையை ஒருத்தி டைப் பண்ணி, ஒருத்தி செக் பண்ணி, ஒருத்தி பேர்ல குடுத்திருக்காங்க. இது யாரோட கட்டுரை?"

அறையில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. புருவத்தை உயர்த்தியவர் காப்பியை மூடி அக்கா பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். இருவருடைய இன்டர்னல் மார்க்கும் நிறுத்தி வைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு மார்க் போகாவிட்டால் ஹால் டிக்கெட் வராது.

எங்கள் நைனாவிடம் சொன்னேன். தறி ஓடும் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நீ இன்னா தப்பு பண்ண?" என்று கேட்டார். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "அப்பால எதுக்கு நிறுத்தனாங்க?" அவருக்கு விளங்கவே இல்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒரு நாள் பிரின்சிபால் அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தவில்லை. எல்லாம் கேட்டது.

"அம்மா, உனக்குப் படிச்சு முடிக்கணுமா, வேண்டாமா? வயசாகுது. குழந்தை இருக்கு. ஒரு லெட்டர் குடு. கட்டுரைக்கு வேண்டியதெல்லாம் என் விருப்பத்தோட சாருக்கு ஆராய்ச்சிக்குக் குடுத்தேன், தவறான புரிதல்ல புகார் குடுத்துட்டேன்னு. அவர் அடுத்த இதழ்ல உனக்கு நன்றி சொல்லுவார். ரெண்டு பேர் மார்க்கையும் யுனிவர்சிட்டிக்கு அனுப்பிடறேன்."

"நானு குடுக்கலையே மேடம்."

"சரி, குடுக்காதே. நீ எப்படியோ போ. வெளிய உட்கார்ந்திருக்குதே அந்தப் பொண்ணு, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அக்கா பேனா கேட்கும் குரல் வந்தது. உள்ளே போய்த் தடுத்திருக்கலாம் என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லலாம். எழுந்தேன், கதவு வரைக்கும் போனேன். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். வராதே என்றது அது. கை சரியாக மடங்காததால் அவள் கையெழுத்து கோணலாக வந்தது. பிரின்சிபால் அதைப் பார்த்துவிட்டு, "ரிக்கார்ட்ல இருக்கற மாதிரி இல்லையே, இன்னொரு தடவை போடு" என்றார். இன்னொரு தடவை போட்டாள்.

அன்று மாலை ரயிலில் கூட்டம். ரேணிகுண்டா தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா அழவில்லை.

"நீ ஏன்டி அந்தத் தேதிய கண்டுபுடிச்ச?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீ பாட்டுக்கு சும்மா இருந்திருந்தா அந்த ஆளு எடுத்தது எனுக்குத் தெரியாமலே போயிருக்கும். எட்டு மார்க்கு வாங்கிக்கினு போயிருப்பேன். இப்பப் பாரு, எங்க மாமனாரு கொட்டகைய இடிச்சாங்களே, அதே மாதிரி என்னையும் கூப்ட்டு உக்கார வச்சு, நல்லா கேட்டு, அப்பால இடிச்சாங்க. கேக்காமலே இடிச்சிருந்தா இவ்ளோ வலிச்சிருக்காது."

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"தெரியும்டி. எனுக்காகத்தான். உனுக்கு நியாயம் வேணும், அதுக்கு நானு நிக்கணும். வகுப்புலயும் நின்னேன், அங்கயும் நின்னேன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. புத்தூரில் ஏறிய கூட்டத்தில் ஒரு பாட்டிக்கு இடம் கொடுத்து எழுந்து நின்றாள். நகரி வரைக்கும் கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஸ்டேஷனில் அவள் புருஷன் என்னைப் பார்த்து எப்போதும் போலத் தலையாட்டினார். அவள் பின்னால் உட்கார்ந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். வகுப்பில் என்னிடமிருந்து இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். பேராசிரியர் மூன்றாம் வருடமும் எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். அக்காவை மட்டும் எழுப்பவே இல்லை. எழுப்பாமல் விட்டதில் இருந்த அலட்சியம், முன்பு நிற்க வைத்ததைவிட மோசமாக இருந்தது.

சொன்னபடி அடுத்த இதழில் நன்றி வந்தது. முந்தைய இதழின் கட்டுரைக்குத் தட்டச்சு உதவி செய்த மாணவி ஒருவருக்கு ஆசிரியர் நன்றி தெரிவிக்கிறார் என்று ஒரு வரி. பெயர் இல்லை. தட்டச்சு செய்தது நான். அக்கா அந்தக் கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூடத் தட்டவில்லை, அவள் யோசித்தாள். ஏப்ரல் தேதியை யாரும் திருத்தவில்லை. பேராசிரியர் இப்போது அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவர்.

நாங்கள் இருவரும் பாஸ் செய்தோம். வக்கீலாகப் பதிவும் செய்துகொண்டோம். நான் சித்தூரில் ஒரு சீனியரிடம் இருக்கிறேன். அக்கா நகரியிலும் புத்தூரிலும் தனியாகவே வழக்கு நடத்துகிறாள். பெரும்பாலும் நிலத் தகராறு. அவளுடைய மனுக்கள் அப்பீலுக்குச் சித்தூர் வரும்போது சில சமயம் என் கைக்கு வரும். மேற்கோள்கள் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். வக்கீல் வாதத்தைக் கோர்ட் தீர்ப்பு என்று போட்ட ஓர் இடம்கூட இருக்காது.

போன வாரம் கோர்ட் கேன்டீனில் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முடி கொஞ்சம் நரைத்திருக்கிறது. அன்றைக்கு அவள் வழக்கில் என் சீனியர்தான் எதிர்த்தரப்பு வக்கீல் என்று அவளுக்குத் தெரியும்.

"துன்னியா?" என்று கேட்டாள்.

"துன்னேன்க்கா. பொண்ணு என்ன படிக்கிறா?"

"பத்தாவது."

"அப்புறம் என்ன படிக்கப் போறாளாம்?"

டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். "சட்டம் படிக்கறேன்னா. வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள். பிறகு மணி பார்த்து, எங்கள் வழக்கு எந்த ஹாலில் வருகிறது என்று கேட்டுவிட்டு, கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.